இருபது வருட ஊழியரிடம் ‘இதை மாற்றுங்கள்’ என்று எப்படிச் சொல்வது?

நமது ஊர்களில் உள்ள எந்த மொத்த வியாபார நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வருடங்களாக ஒரே பொறுப்பில் இருக்கும் ஒருவர் அங்கே இருப்பார். முதலாளியின் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவந்தவர் அவர்தான். கொரோனா முடக்கத்தின்போதும், 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும் கடையை விட்டுப் போகாதவரும் அவர்தான். அவருடைய வேலை இன்று கடைக்குப் போதுமானதாக இல்லை என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. ஏனெனில் அவரிடம் யாரும் சொன்னதில்லை.

வருட இறுதியில் மதிப்பீட்டுப் படிவம் வரும். ‘நன்று’ என்ற கட்டத்தில் அடையாளம் இடப்படும். கையொப்பம் வாங்கப்படும். அடுத்த வருடமும் அதுவே நடக்கும். பின்பு ஒருநாள் பொறுமை இழந்த ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடுவார். இருபது வருட உறவு ஐந்து நிமிடத்தில் முறிந்துவிடும்.

நான் பதினெட்டு வருடங்களாக நடுத்தர வியாபார நிறுவனங்களின் ஆளணி விடயங்களைப் பார்த்து வருகிறேன். இந்தப் பேச்சை மரியாதை குறையாமலும் தெளிவு குறையாமலும் பேசுவதற்கு ஒரு வழிமுறை உண்டு. அதை நான் கூட இருந்து பார்த்த ஒரு சம்பவத்தின் ஊடாக விளக்குகிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதவாறு சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

தேக்கம் என்பது சோம்பல் அல்ல

சுமார் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு கட்டடப் பொருள் மொத்த வியாபாரக் கடை. அதன் களஞ்சியப் பொறுப்பாளருக்கு வயது 49. சேவை 23 வருடங்கள். எந்த பெயின்ட் டின் எந்த மூலையில் இருக்கிறது, எந்த சீமெந்து மூடை முதலில் வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடையில் எல்லோருக்கும் அவர் ‘நானா’. முதலாளியின் மகன் மூன்று வருடங்களுக்கு முன் முகாமையாளராகப் பொறுப்பேற்றார். அவருக்கு வயது 31. நானாவுக்கு அவர் ‘தம்பி’.

மகன் வந்ததும் கணினி மென்பொருள் ஒன்றும் வந்தது. கௌண்டரில் இருப்பவர் திரையைப் பார்த்தே பொருள் இருக்கிறதா இல்லையா என்று வாடிக்கையாளருக்குச் சொல்வார். அதற்குக் களஞ்சியத்தில் இறங்கும் பொருள் உடனே கணினியில் ஏற வேண்டும். நானாவோ வழக்கம்போல் கொப்பியில் எழுதினார். இரண்டு மூன்று நாட்கள் கழித்து, ஓய்வு கிடைக்கும்போது, ஓர் இளம் ஊழியரைக் கூப்பிட்டுக் கணினியில் ஏற்றச் சொன்னார்.

இதில் அவர் எதையும் குறைத்துச் செய்யவில்லை. இருபது வருடங்களுக்கு முன்பு எவ்வளவு கவனமாக வேலை செய்தாரோ, அதே கவனத்துடன் அதே வேலையைச் செய்தார். மாறியது வேலைதான். தேக்கத்தைச் சோம்பலிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். சோம்பேறியின் வேலை அவருடைய சொந்தப் பழைய அளவை விடக் குறைந்திருக்கும். தேங்கியவரின் வேலை அதே அளவில் நிற்கும், சுற்றியிருப்பது நகர்ந்திருக்கும். அதனால் ‘உங்கள் வேலை மோசமாகிவிட்டது’ என்று இவரிடம் சொன்னால் அது உண்மைக்குப் புறம்பானது. அவர் கோபப்படுவதும் நியாயமே. ‘நீங்கள் செய்வது அப்படியே இருக்கிறது, வேலை மாறிவிட்டது’ என்பதே உண்மை. மரியாதையான வசனமும் அதுவே.

பேசுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

முகாமையாளர் என்னிடம் வந்தபோது சொன்ன முறைப்பாடு இதுதான்: “நானா காலத்துக்கு ஏத்த மாதிரி இல்ல. மாற விருப்பமில்ல.” இது ஒருவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. இதை நானாவிடம் சொன்னால் அவரால் எதைத் திருத்த முடியும்?

அதனால் முதலில் எண்ணச் சொன்னேன். கடந்த எட்டு வாரங்களில் வந்து இறங்கிய பொருட்களின் விநியோகப் பற்றுச்சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் வந்த திகதியையும் கணினியில் ஏறிய திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். மொத்தம் 41 தடவை பொருள் இறங்கியிருந்தது. அன்றே பதிவானவை 12. மீதி 29 உம் பிந்தியவை. அந்த 29 இல் ஆறு தடவை, களஞ்சியத்தில் இருந்த பொருளையே இல்லையென்று நினைத்து மீண்டும் ஓடர் கொடுத்திருந்தார்கள். இந்தக் கணக்கெடுப்புக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

இந்த எண்ணிக்கை, பேச்சை ஆளிடமிருந்து வேலைக்குத் திருப்பிவிடுகிறது. பிரச்சினையின் உண்மையான அளவையும் காட்டுகிறது. முகாமையாளரின் மனதில் ஏழெட்டு முறைப்பாடுகள் இருந்தன: தொலைபேசியை எடுப்பதில்லை, இளம் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை, கொப்பியை விடுவதில்லை என்று. எண்ணிப் பார்த்தபோது கடைக்கு நட்டம் தருவது ஒன்றுதான் என்று தெரிந்தது. அது பதிவு பிந்துவது. மற்றவற்றை இந்த வருட மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். நீண்டகால ஊழியரிடம் ஒரே நாளில் ஏழு குறைகளைச் சொன்னால், அவருடைய காதில் விழுவது ஒன்றே ஒன்றாக இருக்கும்: ‘என்னைப் போகச் சொல்கிறார்கள்.’

இன்னொன்றையும் பார்த்தோம். கடந்த ஐந்து வருடப் படிவங்கள் ஐந்திலும் ‘நன்று’ என்றே இருந்தது. கணினி வந்தபோது அவருக்கு ஒழுங்கான பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே இந்தப் பேச்சைக் குற்றச்சாட்டாகத் தொடங்க நிறுவனத்துக்கு இடமில்லை. முதல் தடவையாகச் சொல்லும் விடயமாகவே அதைத் தொடங்க வேண்டும்.

முதலாளியின் கதவை முன்கூட்டியே மூடுங்கள்

குடும்ப வியாபாரங்களில் இத்தகைய பேச்சு தோற்பது பெரும்பாலும் அறைக்கு வெளியேதான். மகன் ஒன்றைச் சொல்வார். நானா தலையாட்டிவிட்டு, பின்னேரம் முதலாளியிடம் போய், “தம்பி இப்படிச் சொல்றார்” என்பார். முதலாளி, “அவன் சின்னப் பிள்ளை, நீங்க வழமை போல செய்ங்க” என்று தட்டிக் கொடுத்து அனுப்புவார். அத்துடன் மகனின் சொல்லுக்கு அந்தக் கடையில் மதிப்பில்லாமல் போய்விடும்.

எனவே முதலாளியிடம் முதலில் பேசினோம். அந்த 41 பற்றுச்சீட்டுகளின் பட்டியலைப் பார்த்த பிறகே அவர் இணங்கினார். அவரைக் கூட்டத்தில் உட்கார வைக்கவில்லை. முதலாளி முன்னால் இருந்தால் நானா மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லிவிட்டுப் போய்விடுவார். தன் மனதில் இருப்பதைச் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக, மூன்று நாட்களுக்கு முன் முதலாளியே நானாவை அழைத்து இப்படிச் சொன்னார்: “செவ்வாய்க்கிழம மகன் ஒங்களோட ஸ்டோர் வேலயப் பத்திப் பேசுவார். என்னோட கலந்துதான் பேசுறார். ஒங்கட வேலைக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஒரு விசயம் மட்டும் மாத்த வேண்டியிருக்கு.”

இந்த வார்த்தைகள் மூன்று வேலைகளைச் செய்தன. கதவு மூடப்பட்டது. வேலை போய்விடுமோ என்ற பயம் நீங்கியது. யோசித்துக்கொண்டு வருவதற்கு நானாவுக்கு மூன்று நாட்கள் கிடைத்தன.

நேரமும் முக்கியம். லொறி வரும் காலை நேரத்திலோ, ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்திலோ, சம்பள நாளிலோ இதைப் பேசக் கூடாது. செவ்வாய் காலை பத்தரைக்குப் பேசினார்கள். மற்ற ஊழியர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் அறை வேண்டாம் என்பதால் மேல்மாடி அறையில் உட்கார்ந்தார்கள். மேசைக்கு இரு புறமாக இல்லாமல், பட்டியலை இருவரும் சேர்ந்து பார்க்கக் கூடியவாறு ஒரே பக்கத்தில் அமர்ந்தார்கள்.

என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது

நமது பழக்கம் முதலில் புகழ்ந்து, நடுவில் குறையை மெதுவாக நுழைத்து, மீண்டும் புகழ்ந்து முடிப்பது. கேட்பவர் புகழை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அல்லது ‘இவ்வளவு நேரம் புகழ்ந்தது இதற்குத்தானா’ என்று இருபது வருட உழைப்புக்குச் சொன்ன நன்றியையே சந்தேகிப்பார். குறிப்பாக, ‘நீங்கள் நல்லவர், ஆனால்...’ என்ற வசனத்தில் ‘ஆனால்’ வந்தவுடன் முன்னால் சொன்னது எல்லாம் அழிந்துவிடும்.

அதனால் நன்றியைத் தனியே, முழுமையாக, பெயர் சொல்லக் கூடிய ஒரு விடயத்துடன் சொல்லச் சொன்னேன். முகாமையாளர் சொன்னது: “நானா, நீங்க பழைய மூட அடியில தங்க விடாம பாக்கிறதால இந்த வருசம் ஒரு சீமெந்து மூட கூட கட்டிபட்டுப் போகல்ல. அது ஒங்கட கவனம்.” சொல்லிவிட்டு நிறுத்தினார். நானா அதைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார். பேச விட்டார்.

அதன் பிறகு பட்டியலை எடுத்து வைத்தார். “இன்னைக்கு ஒரு விசயம் மாறணும், அதப் பேசத்தான் கூப்பிட்டேன். சாமான் இறங்கின அன்னைக்கே, கட மூடுறதுக்கு முன்ன, நீங்களே கம்பியூட்டர்ல பதியணும். எட்டுக் கிழமையில 41 தடவ சாமான் வந்திருக்கு. 12 தான் அன்னைக்கே பதிஞ்சிருக்கு.”

இதில் ‘முடிந்தால்’, ‘கொஞ்சம் முயற்சி பண்ணுங்கள்’ போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். மரியாதைக்காக நாம் சேர்க்கும் இந்தச் சொற்கள்தான் கேட்பவரைக் குழப்புகின்றன. செய்தே ஆக வேண்டிய ஒன்றை விருப்பத்துக்கு விட்டதுபோல் சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்பதுதான் மரியாதையற்ற செயல். குரலும், அழைக்கும் முறையும், பொறுமையும் மென்மையாக இருக்கட்டும். சொல்லும் விடயம் மட்டும் மழுங்கக் கூடாது.

ஒப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். ‘நேற்று வந்த பொடியன் செய்கிறான்’ என்ற ஒரு வசனம் போதும், அதற்குப் பிறகு எதுவும் அவர் காதில் ஏறாது. இந்த விடயத்தில் நானாவை அவருடைய சொந்த 12 பதிவுகளுடன் மட்டுமே ஒப்பிட்டோம்.

பிறகு மௌனம். நானா முதலில் சொன்னது, “வாப்பாட காலத்தில கொப்பியில ஒரு பிழையும் வந்ததில்ல” என்பது. முகாமையாளர் மறுக்கவில்லை, விட்டுக் கொடுக்கவும் இல்லை. “உண்மதான் நானா. அப்ப கௌண்டரும் ஒங்களக் கேட்டுத்தான் வித்தாங்க. இப்ப ஸ்கிரீனப் பாத்து விக்கிறாங்க. இதச் செய்றதுக்கு ஒங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. மென்பொருளில் பொருட்களின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சுருக்கத்தில் இருந்தன. நானா அவற்றை வேறு பெயர்களில் அறிந்தவர். திரையில் எழுத்து சிறியது. வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இளம் ஊழியர்கள் முன்னால் எழுத்துக்கூட்டி வாசிக்க வெட்கம். பதிவைத் தள்ளிப் போட்டதற்கான காரணம் இதுதான். ‘மாற விருப்பமில்ல’ என்று மூன்று வருடங்களாக எல்லோரும் சொல்லிவந்த பிரச்சினை, பெயர்களிலும் எழுத்தின் அளவிலும் இருந்தது.

பேச்சின் முடிவில் நானா, “சரி தம்பி, பாப்பம்” என்றார். நமது பேச்சுவழக்கில் இது சம்மதம் அல்ல, பேச்சை முடிப்பதற்கான சொல். ஆகவே முகாமையாளர், “நானா, நாம முடிவெடுத்தத ஒங்கட வாயால ஒருக்கா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்” என்றார். நானா சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. தமிழில், ஒரு பக்கம்தான். எது மாற வேண்டும்: இறங்கிய அன்றே பதிவு. நிறுவனம் என்ன செய்யும்: பெரிய திரை, தமிழ்ப் பெயர்ப் பட்டியல், இரண்டு வாரங்களுக்குத் தினமும் அரை மணி நேரப் பயிற்சி, அதுவும் தனியாக. எப்போது பார்ப்போம்: ஒவ்வொரு செவ்வாயும் பதினைந்து நிமிடம், பன்னிரண்டு வாரங்களுக்கு. எந்த அளவு: பத்தில் ஒன்பது அன்றே பதிவாக வேண்டும். இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள்.

படிவத்தில் எதை எழுதுவது?

ஐந்து வருடம் ‘நன்று’ வாங்கியவருக்குத் திடீரென ஆகக் குறைந்த புள்ளி போடுவது அநீதி. அவருக்கு முன்னறிவித்தல் இருந்ததில்லை. மறுபுறம், இதையெல்லாம் பேசிவிட்டுப் படிவத்தில் மீண்டும் ‘நன்று’ என்று போட்டால் பேச்சே பொய்யாகிவிடும். பொருள் பாதுகாப்பு, நேர ஒழுங்கு, நேர்மை ஆகியவற்றுக்கு அவருக்குரிய உயர்ந்த புள்ளியைக் கொடுத்தோம். பதிவு என்ற ஒரு வரியில் மட்டும் ‘மேம்பட வேண்டும்’ என்று எழுதி, எழுதிய அந்த ஒரு பக்கத்தை இணைத்தோம். அந்த வருடச் சம்பள உயர்வில் கை வைக்கவில்லை. அடுத்த வருட உயர்வில் இந்த வரி கணக்கில் எடுக்கப்படும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொன்னோம்.

‘இவர் ஓய்வுபெறும் வரை விட்டுவிடுவோம்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு விடயம். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இந்தக் கடையைப் போன்ற இடங்களில் வேலை செய்யும், இவரது வயதில் உள்ள ஒருவரின் குறைந்தபட்ச ஓய்வுபெறும் வயது 60. அதாவது இன்னும் 11 வருடங்கள். அத்தனை காலம் பொறுத்துப் போவது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

‘நிறுத்திவிடுவோம்’ என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தேவை. பதவியைக் குறைத்து, அவராகவே போகும்படி நெருக்குவதையும் தொழில் நியாய சபை வேலைநீக்கமாகக் கருத இடமுண்டு. விடயம் அங்கு போகும்போது ‘ஐந்து வருடமாக நன்று என்றுதானே எழுதினீர்கள்’ என்ற கேள்விக்குப் பதிலிருக்காது. நேர்மையாக நிரப்பிய படிவம் ஊழியருக்கும் பாதுகாப்பு, நிறுவனத்துக்கும் பாதுகாப்பு.

பிறகு நடந்தது

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரம் சரிந்தது. இது வழமைதான். பயிற்சி முடிந்து தனியே செய்யத் தொடங்கும்போது பழைய கை திரும்பி வரும். செவ்வாய்ச் சந்திப்பு இருந்ததால் அது உடனே தெரியவந்தது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் பெயின்ட் வகைகள் மட்டும் விடுபட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து, பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அந்தச் சந்திப்பு மட்டும் இல்லாதிருந்தால், பன்னிரண்டாம் வாரம் ‘நானா மாறவே மாட்டார்’ என்று முடிவெடுத்திருப்பார்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது பத்தில் எட்டு அன்றே பதிவாகியது. குறித்த அளவுக்கு ஒன்று குறைவு. முகாமையாளர் அதை ஒன்பது என்று எழுதவில்லை, எட்டு என்றே எழுதினார். இன்னும் நான்கு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் ஒன்பதைத் தொட்டது. கொப்பியை நானா இன்றும் விடவில்லை. முதலில் கணினியில் பதிந்துவிட்டுப் பிறகு கொப்பியில் எழுதிக்கொள்கிறார். அதனால் கடைக்கு நட்டமில்லை, ஆகவே யாரும் அதைக் கேட்பதில்லை.

எல்லாச் சம்பவங்களும் இப்படி முடிவதில்லை. கண்ணாடியும் பட்டியலும் பயிற்சியும் கொடுத்த பிறகும் எண்ணிக்கை அசையாத ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அப்போது இரண்டாவது பேச்சு ஒன்று தேவைப்படும்: இந்தப் பொறுப்பில் இன்னொருவரைச் சேர்ப்பதா, அவருடைய அறிவு பயன்படும் வேறு பொறுப்பை, சம்பளம் குறையாமல், அவருடைய சம்மதத்துடன் கொடுப்பதா என்று. அந்தப் பேச்சையும் அதே மேல்மாடி அறையில், அதே ஒரு பக்கத் தாளை முன்னால் வைத்துக்கொண்டே பேச வேண்டும். முதல் பேச்சு தெளிவாக நடந்திருந்தால், இரண்டாவதற்கு வரும் ஊழியருக்கு அது அதிர்ச்சியாக இருக்காது. என்ன எதிர்பார்க்கப்பட்டது, எவ்வளவு நடந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.